அமாக்ஸிசிலினுக்குக் கேட்காத இருமல்: மைக்கோபிளாஸ்மா அனுபவங்கள்

மலர்விழி: ஒன்பது வயது மகனுக்குக் காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தன. இரவெல்லாம் இருமினாலும் பகலில் எழுந்து விளையாடிக்கொண்டிருந்தான். கொடுத்த அமாக்ஸிசிலின் எந்தப் பலனும் தரவில்லை. எக்ஸ்ரேயில் நுரையீரலின் கீழ்ப்பகுதியில் திட்டுத்திட்டாக வெண்மை தெரிந்ததும், மருத்துவர் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவாக இருக்கலாம் என்று கூறி அசித்ரோமைசினுக்கு மாற்றினார். அதன் பிறகு காய்ச்சல் இறங்கியது. முதல் மருந்தின் அளவு போதாமல் இருந்திருக்குமோ என்பதே என் ஐயம்.

ஆய்வகத்தான்: அளவில் குறையிருந்ததாகத் தெரியவில்லை, இருமடங்கு கொடுத்திருந்தாலும் இதே கதைதான். சாதாரண பாக்டீரியா வளரும்போது தன் சுவரின் பின்னலை ஓரிடத்தில் வெட்டி, புதிய இழையைச் செருகி, மீண்டும் முடிச்சுப் போடுகிறது. அந்த முடிச்சைப் போடும் நொதியின் மேல்தான் பென்சிலின் குடும்பத்து மருந்துகள் ஒட்டிக்கொள்கின்றன. வெட்டும் வேலை நடக்க, முடிச்சுப் போடும் வேலை நின்றுபோவதால் சுவர் நைந்து, உள்ளிருக்கும் அழுத்தம் தாங்காமல் செல் வெடிக்கிறது. மைக்கோபிளாஸ்மாவிடம் அந்தப் பின்னலே கிடையாது என்பதால், பென்சிலின் வந்து கெடுப்பதற்கு அங்கே வேலை எதுவும் நடப்பதில்லை.

எங்கள் ஆய்வகத்தில் இந்தக் கிருமியை வளர்க்கும் ஊடகத்தில் நாங்களே பென்சிலினைச் சேர்க்கிறோம். தொண்டைச் சளியில் உள்ள மற்ற பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை அதில் அடங்கிவிடும். மைக்கோபிளாஸ்மா மட்டும் நிதானமாகப் பெருகும். ஊடகத்தில் கலங்கல் எதுவும் தெரியாது. ஊடகத்தில் கலந்த சிவப்புச் சாயம், குளுக்கோஸ் அமிலமாக மாறுவதால் மஞ்சளாகும்போதுதான் வளர்ச்சி புலப்படும். அதற்கு இரண்டு மூன்று வாரங்கள்கூட ஆகும் என்பதால், மருத்துவமனைகள் பிசிஆரை நாடுகின்றன.

கதிரவன்: ஸ்டெஃபைலோகாக்கஸைப் போல இதுவும் பென்சிலினைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கிறது என்று எண்ணியிருந்தேன். அப்படியானால் கிளாவுலனேட் சேர்ந்த மாத்திரை பயன்படுமே? மேலும், சுவரில்லாத செல் அழுத்தத்தில் வெடிக்குமென்றால், இது மட்டும் எப்படி உயிரோடு இருக்கிறது?

ஆய்வகத்தான்: ஸ்டெஃபைலோகாக்கஸைப் பற்றிக் கூறியது சரிதான். ஆனால் கிளாவுலனேட் செய்வதெல்லாம் பென்சிலினைச் சிதையாமல் காப்பது மட்டுமே. காப்பாற்றப்பட்ட மருந்துக்கும் இங்கே இலக்கு இல்லை. உங்கள் இரண்டாவது கேள்விதான் சுவையானது. பெரும்பாலான பாக்டீரியாக்களுக்குத் தேவைப்படாத கொலஸ்ட்ராலை மைக்கோபிளாஸ்மா தன் சவ்வில் வைத்து அதை உறுதியாக்கிக்கொள்கிறது. தானே தயாரிக்கத் தெரியாததால் நம் உடலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆய்வகத்தில் குதிரைச் சீரத்தை ஊற்றினால்தான் வளர்கிறது. அத்துடன், உள்ளே புகும் சோடியத்தை இடைவிடாது வெளியேற்றுகிறது. நம் உடல் திரவங்களின் உப்புச்செறிவு அதன் உட்புறத்தோடு பெரிதும் ஒத்திருப்பதால் சுவாசக்குழாயின் செல்களில் ஒட்டிக்கொண்டு நிம்மதியாக வாழ்கிறது. வெறும் வடிநீரில் போட்டால் நீங்கள் எதிர்பார்த்தபடியே வெடித்துவிடும்.

கோழிப்பண்ணை: எங்கள் கோழிகளும் கரகரவென்று மூச்சு விட்டன. அமாக்ஸிசிலின் கலந்த தண்ணீர் பயன்படாமல் போகவே, கால்நடை மருத்துவர் கோழி மைக்கோபிளாஸ்மா தரும் நாள்பட்ட சுவாச நோயான சி.ஆர்.டி. என்று கூறி டைலோசினுக்கு மாற்றினார். அந்தக் கோழியின் முட்டையைத் தின்றதால்தான் குழந்தைக்கு வந்திருக்குமா?

ஆய்வகத்தான்: இல்லை. கோழியைத் தாக்குவது வேறு இனம். அது முட்டை வழியாகக் குஞ்சுக்குச் செல்லுமே தவிர, மனிதருக்கு இந்த இருமலைத் தராது. குழந்தைகளுக்கு இது இருமல் துளிகள் வழியாக மற்றொரு மனிதரிடமிருந்தே வருகிறது.

நித்திலா: செல் வளர்ப்பு ஆய்வில் இருப்பவர்களுக்கு இது பெருந்தலைவலி. ஊடகத்தில் பென்சிலின் இருக்கிறது, குடுவையும் தெளிவாக இருக்கிறது என்ற தைரியத்தில் எங்கள் குழு இருந்தபோது, செல்கள் மட்டும் காரணமின்றி மந்தமாக வளர்ந்தன. ஹோக்ஸ்ட் சாயமிட்டு ஒளிரும் நுண்ணோக்கியில் பார்த்தபோது, செல்லின் உட்கருவுக்கு வெளியே பொடித்தூவல் போல மைக்கோபிளாஸ்மாப் புள்ளிகள் தெரிந்தன. விறைப்பான சுவர் இல்லாததால் இந்தக் கிருமி நெளிந்து, 0.45 மைக்ரான் வடிகட்டியைத் தாண்டிவிடும்; 0.22 வடிகட்டியையும் முழுமையாக நம்ப முடியாது. அந்தக் குடுவைகளை அழித்துவிட்டோம்.

மருத்துவர் ஒருவர்: மலர்விழி, முதலில் அமாக்ஸிசிலின் கொடுத்ததைத் தவறென்று நான் கூறமாட்டேன். நிமோகாக்கஸும் இதே வயதில் நிமோனியாவைத் தரும். முதல் நாளில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். அசித்ரோமைசின் சுவரைத் தேடாமல், புரதம் தயாரிக்கும் ரைபோசோமைத் தாக்குவதால் இங்கே பயன்படுகிறது. ஆனால் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வில் ஓர் எழுத்து மாறினாலே அதற்கும் கேட்காத வகைகள் உருவாகின்றன. சீனா, ஜப்பான் போன்ற நாடுகளில் அவை மிகுதியாகக் காணப்பட்டிருக்கின்றன. அப்போது டாக்ஸிசைக்ளினை எண்ண வேண்டியிருக்கும்.

கதிரவன்: அப்படியானால் அமாக்ஸிசிலின், அசித்ரோமைசின் இரண்டையும் முதல் நாளிலேயே சேர்த்துக் கொடுத்துவிடலாமே?

மருத்துவர் ஒருவர்: மூச்சுத்திணறலோடு சேர்க்கப்படும் குழந்தைக்குச் சில வேளைகளில் அப்படித்தான் செய்கிறோம். ஓடியாடும் குழந்தைக்கு அது தேவையா என்பதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. இந்தத் தொற்று பல குழந்தைகளுக்கு மருந்தின்றியும் அடங்கிவிடுகிறது.

மலர்விழி: இருமல் இன்னும் முழுமையாக நிற்கவில்லை. மீண்டும் மருந்து வேண்டுமா?

மருத்துவர் ஒருவர்: காய்ச்சல் திரும்பாமல், மூச்சு வேகமாகாமல் இருந்தால் பெரும்பாலும் வேண்டியிருக்காது. கிருமி சுவாசக்குழாயின் மயிரிழைகளைச் சேதப்படுத்துவதால், அவை சீராகும் வரை சில வாரங்கள் இருமல் நீடிக்கும். இவற்றில் ஏதேனும் மாறினால் உடனே காட்டுங்கள்.