கலைச்சொல் தேவை: தேர்வாகாதவருக்கு எழுதும் நேர்காணல் கருத்து

மென்பொருள் மொழிபெயர்ப்பாளர், சென்னை

வணக்கம். ஆள்சேர்ப்பு மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். நேர்காணல் செய்தவர்கள் தங்களுக்குள் எழுதிவைப்பதற்கும், தேர்வாகாதவருக்கு அனுப்புவதற்கும் மூலத்தில் ஒரே சொல்தான் இருக்கிறது. இரண்டையும் "பின்னூட்டம்" என்று வைத்தால், உள்ளே எழுதியதை யாராவது அப்படியே வெளியே அனுப்பிவிடுவார்கள். இரண்டாவதை "மறுப்புப் பின்னூட்டம்" எனலாமா?

மனிதவள அலுவலர், கோவை

வேண்டாம். மின்னஞ்சலின் தலைப்பிலேயே "மறுப்பு" என்று கண்டவர் கீழே எழுதியதைப் படிக்கமாட்டார். கிடைக்கவில்லை என்பதை முதல் வரியில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு வருவது வேறொரு பகுதி. அதற்குத்தான் பெயர் தேடுகிறோம்.

ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். மென்பொருள் வேலைக்கு வந்த ஒருவரிடம், ஆர்டர் பட்டியல் மெதுவாகத் திறக்கிறது, என்ன செய்வீர்கள் என்று கேட்டோம். நேர்காணல் செய்தவர் அனுப்பத் தந்த வரி இது:

> உங்களுக்கு ஆழமான அறிவும் தன்னம்பிக்கையும் போதவில்லை.

இதைப் படித்தவர் நாளைக் காலை எதைத் திருத்துவார்? நேர்காணல் செய்தவரிடம் திரும்பிப் போய், "அந்தப் பெண் என்ன சொன்னார், நீங்கள் எதை எதிர்பார்த்தீர்கள்?" என்று கேட்டேன். பிறகு எழுதியது:

> இன்டெக்ஸ் சேர்க்கலாம் என்று உடனே சொன்னீர்கள். அது பொருத்தமான யோசனை. அந்த வினவல் ஏன் மெதுவாக ஓடுகிறது என்பதை முதலில் `EXPLAIN` கொண்டு பார்க்கும் படி உங்கள் பதிலில் வரவில்லை. நாங்கள் இருமுறை கோடிகாட்டியும் அங்கே வரவில்லை. இந்தப் பணியில் காரணத்தைக் கண்டுபிடிப்பதே அன்றாட வேலை என்பதால், எங்கள் முடிவில் அது முதன்மையாக இருந்தது.

பதில், அதில் இல்லாதது, அது இந்த வேலைக்கு ஏன் முக்கியம் என்ற மூன்றும் இருந்தால் போதும். தேர்வானவரோடு ஒப்பிடக் கூடாது. பேச்சுவழக்கு, வயது, குடும்பம் பற்றி ஒரு சொல்லும் கூடாது. அன்றே குறிப்பு எடுக்காதவரால் இப்படி எழுத முடியாது. ஒரு வாரம் கழிந்தால் "தன்னம்பிக்கை போதவில்லை" என்பதுதான் நினைவில் நிற்கும்.

வேலை தேடுபவர், திருச்சி

கடைசிச் சுற்றுவரை போனேன். அதன்பின் ஒரு வரிகூட வரவில்லை. முதலில் பதிலே அனுப்பாமல் விடுவதற்கு ஒரு பெயர் வையுங்கள், ஐயா. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் காரணம் கேட்டால் தந்துதானே ஆக வேண்டும்? 2011-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறதே.

மனிதவள அலுவலர், கோவை

தம்பி, உங்கள் மனவருத்தம் நியாயமானது. ஆனால், அந்தத் தீர்ப்பு தேர்வு எழுதியவர் தன் திருத்தப்பட்ட விடைத்தாளைப் பார்ப்பது பற்றியது. 2005-ஆம் ஆண்டுச் சட்டம் பொது அதிகார அமைப்புகளுக்கானது. தனியார் நிறுவனத்திடம் அதைக் கொண்டு நேரடியாகக் கேட்க முடியாது. ஐரோப்பாவில் நிலைமை வேறு. அயர்லாந்தில் கணக்காளர் தேர்வு எழுதிய ஒருவரின் வழக்கில், விடையும் அதன்மேல் தேர்வாளர் எழுதிய கருத்தும் அவருடைய தனிப்பட்ட தரவே என்று 2017-இல் ஐரோப்பிய நீதிமன்றம் கூறியது. அதனால், உள்குறிப்பையும் நேர்காணலுக்கு வந்தவர் ஒருநாள் படிக்கக்கூடும் என்று எண்ணியே எழுதச் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை

"நேர்காணல் குறிப்புரை" என்று வையுங்கள். பழைய நூல்களுக்குப் பொழிப்புரை உண்டு, குறிப்புரை உண்டு. பொழிப்புரை பாட்டு முழுவதன் கருத்தையும் திரட்டிச் சொல்லும். குறிப்புரையோ குறிப்பிட்ட சொல்லிலோ தொடரிலோ நின்று பேசும். கோவை அம்மையார் திருத்தி எழுதியது இரண்டாம் வகை. ஆளையே எடைபோட்ட அந்த முதல் வரிக்கு இந்தப் பெயர் பொருந்தாது.

சிறுநிறுவன உரிமையாளர், ஈரோடு

சொல் நன்றாக இருக்கிறது. ஆனால், ஒரு வேலைக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வந்தால் யார் இதை எழுதுவது? எழுதினால் வாதாட வருகிறார்கள். "ரகசியக் காரணங்களால் சொல்ல இயலாது" என்பதே பாதுகாப்பு.

மனிதவள அலுவலர், கோவை

விண்ணப்பத்தோடு நின்றவர்களுக்கு முடிவைத் தெரிவிக்கும் இரண்டு வரி போதும். நேரம் ஒதுக்கி நேரில் வந்தவர்களுக்குத்தான் குறிப்புரை, அவர்கள் சிலரே. வாதாட வருவதும் உண்மை. முடிவு மாறாது என்று பணிவாக ஒருமுறை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். ஆனால், "தன்னம்பிக்கை இல்லை" என்பதோடு வாதாடுகிற அளவுக்கு, "இந்தப் படி வரவில்லை" என்பதோடு யாரும் வாதாடியதை நான் பார்க்கவில்லை. இறுதிச் சுற்றுவரை வந்தவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிட்டு, பிறகு எழுதி அனுப்புவேன்.

மென்பொருள் மொழிபெயர்ப்பாளர், சென்னை

அப்படியானால் உள்ளே இருப்பது "மதிப்பீட்டுக் குறிப்பு", வெளியே போவது "நேர்காணல் குறிப்புரை".

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை

குறிப்பு, குறிப்புரை இரண்டும் திரையில் அடுத்தடுத்து வந்தால் மறுபடியும் குழப்பம்தான். உள்ளே இருப்பதை "மதிப்பீட்டுப் பதிவு" ஆக்குங்கள்.

மனிதவள அலுவலர், கோவை

"பதிவு" என்றால் எங்கள் அலுவலகத்தில் விண்ணப்பப் பதிவு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். வேறு சொல் பார்ப்போம். குறிப்புரைக்கு என் ஒப்புதல்.