எச்பி ஏ2 3.3 வந்தால் தலசீமியா இல்லை என்று விட்டுவிடலாமா?

மலர்: குழந்தைக்குத் திட்டமிடுகிறோம். கணவருக்கு சிக்கிள் செல் ட்ரெய்ட், அதாவது நோயில்லாமல் மரபணுவை மட்டும் சுமக்கிறார்; சிக்கிள் ஹீமோகுளோபினான எச்பி எஸ் 38 சதவீதம். எனக்கு ஹீமோகுளோபின் 11.6, சிவப்பணுவின் சராசரி அளவான எம்சிவி 68, சிவப்பணு எண்ணிக்கை 56 லட்சம், ஃபெரிட்டின் 8, தலசீமியாவுக்காகப் பார்க்கும் ஹீமோகுளோபின் வகையான எச்பி ஏ2 3.3 சதவீதம். என் ரிப்போர்ட்டில் 'தலசீமியா ட்ரெய்ட் இல்லை' என்று இருக்கிறது. இத்தோடு விட்டுவிடலாமா?

சேகர்: விடலாம். ஃபெரிட்டின் 8 என்றால் இரும்புச்சத்து இல்லை, அதனால்தான் எம்சிவி குறைந்திருக்கிறது. தலசீமியாவே இருந்தாலும் அவருடையது சிக்கிள், வேறு நோய். இருவரும் ஒரே நோயைச் சுமந்தால்தான் கவலை.

ஆய்வகக்காரன்: கடைசி வரிதான் ஆபத்து, சேகர். சிக்கிளும் பீட்டா தலசீமியாவும் ஒரே பீட்டா குளோபின் மரபணுவில் வரும் கோளாறுகள். அப்பாவிடமிருந்து சிக்கிள், அம்மாவிடமிருந்து பீட்டா தலசீமியா வந்தால், குழந்தைக்குச் சரியான பீட்டா குளோபின் கொஞ்சம்தான் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அதுவும் சிக்கிள் நோய்தான். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு.

இரும்புச்சத்து குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதுவே ஏ2-ஐக் கீழே இழுக்கும். வழக்கமாக 3.5-ஐத் தாண்டினால்தான் ட்ரெய்ட் என்கிறோம். மலருக்கு 3.3. இரும்பு சரியாக இருந்திருந்தால் அது 3.7 ஆகவும் இருந்திருக்கலாம். வெறும் இரும்புக்குறைவில் சிவப்பணு எண்ணிக்கையும் பெரும்பாலும் குறையும். இங்கே 56 லட்சம், அதாவது 5.6 மில்லியன்! எம்சிவியை 5.6ஆல் வகுத்தால் 12 சொச்சம். 13க்குக் கீழே வந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

சேகர்: ஒரே மரபணு என்பது எனக்குத் தெரியாது, சரி. ஆனால் அந்த வகுத்தல் கணக்கு பலமுறை தப்பும். அதை வைத்துப் பயமுறுத்தாதீர்கள். மூன்று மாதம் இரும்பு மாத்திரை எடுத்துவிட்டு மறுபடி பார்க்கட்டும்.

ஆய்வகக்காரன்: வகுத்தல் சந்தேகப்படத்தான், முடிவு சொல்ல அல்ல. அதுவரை கருத்தரிக்காமல் இருக்க முடியுமென்றால் உங்கள் யோசனை நல்லதுதான்.

தேவி: நாங்களும் சோதித்தோமே! கணவருக்கு சொல்யூபிலிட்டி டெஸ்ட் 'நெகட்டிவ்', நிம்மதியாக இருந்தோம். எனக்கு சிக்கிள் ட்ரெய்ட். அவருக்கு பீட்டா தலசீமியா ட்ரெய்ட் என்பது நான் கர்ப்பமான பிறகுதான் தெரிந்தது. 12ஆவது வாரத்தில் நஞ்சுக்கொடித் திசு எடுத்துப் பார்த்தார்கள். ரிசல்ட் வரும்வரை தூக்கமில்லை. மூன்று மாதமெல்லாம் காத்திருக்காதீர்கள் மலர், நேராக மரபணுப் பரிசோதனை செய்யுங்கள்.

ஆய்வகக்காரன்: சொல்யூபிலிட்டி டெஸ்ட் எச்பி எஸ் இருக்கிறதா என்று மட்டும் காட்டும். தலசீமியா அதன் கண்ணில் படாது.

மலர்: எனக்கு 36 வயது, மூன்று மாதம் யோசிக்க வைக்கிறது. ஏ2 திரும்பவும் 3.3 வந்தால்?

ஆய்வகக்காரன்: இரும்பு ஏறிய பிறகும் எம்சிவி 68இலேயே நின்றால் மரபணுப் பரிசோதனைதான். ஆல்ஃபா தலசீமியா ட்ரெய்டாகவும் இருக்கலாம், அது சிக்கிளோடு சேர்ந்து இந்தச் சிக்கலைத் தராது. உங்கள் வயதுக்கு, மாத்திரையைத் தொடங்கிவிட்டு மரபணு மாதிரியையும் இப்போதே கொடுப்பேன்.

சேகர்: மாத்திரையில் தீரக்கூடியதற்கு முதலிலேயே மரபணுவா? எனக்கு இன்னும் ஒப்பவில்லை.