மூணாறு டூர்: ஹோட்டல் வித்தியாசத்தை எப்படிக் கேட்பது?

தண்டையார்பேட்டையில் இருந்து எழுதுகிறேன். நாலு பேருக்கு 48,000 கட்டி மூணாறு, தேக்கடி டூர் போனோம். பயணத்திட்டத்தில் பெயர் போட்டிருந்த த்ரீ ஸ்டார் ஹோட்டலுக்குப் பதில் இரண்டு ராத்திரியும் லாட்ஜ். பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, கயிறுதான். இரவிகுளமும் தேக்கடி படகும் "நேரமில்லை" என்று போச்சு. ஏஜென்ட் டிக்கெட் காசு 2,000 மட்டும் தருகிறாராம்!

பஸ், சாப்பாடு சரியாகவே இருந்தது, அதனால் முழுப்பணம் கேட்கவில்லை. இரண்டு அறை, இரண்டு ராத்திரி, வாடகை வித்தியாசம் அறைக்கு 2,000 என்று 8,000. டிக்கெட்டோடு 10,000. லாட்ஜ் பில் கைவசம் உண்டு.

ஏஜென்சி மதுரையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், 5 லட்சம் வரை கட்டணமில்லை என்று தெரியும். வாடகை வித்தியாசத்துக்கு அந்த ஹோட்டலின் ஆன்லைன் விலை ஸ்க்ரீன்ஷாட் போதுமா? வட சென்னையில் இப்படி வாங்கியவர்கள் சொல்லுங்களேன்.