ஆர்ஓஇ 15-லிருந்து 20 ஆனதும் ஏமாந்த கதை: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

தாமதமாக_வந்தவன்:
ஒரு நிறுவனத்தின் ஆர்ஓஇ, அதாவது பங்குதாரர் நிதிக்குக் கிடைக்கும் நிகர லாபச் சதவீதம், மூன்றே வருடத்தில் 15 சதவீதத்திலிருந்து 20 ஆனதைப் பார்த்து, நிர்வாகம் கலக்குகிறது என்று நம்பிப் பங்கு வாங்கினேன். வாங்கிய பிறகுதான் பிரித்துப் பார்க்கத் தோன்றியது (முன்னாடியே செய்திருக்க வேண்டும், தெரியும், திட்டாதீர்கள்). எண்களைச் சுருக்கிச் சொல்கிறேன். முதல் வருடம் விற்பனை 1000, நிகர லாபம் 75, மொத்தச் சொத்து 1000, பங்குதாரர் நிதி 500. அதாவது விற்பனையில் லாப விகிதம் 7.5%, விற்பனையைச் சொத்தால் வகுத்த சொத்துச் சுழற்சி 1, சொத்தைப் பங்குதாரர் நிதியால் வகுத்த லீவரேஜ் 2, மூன்றையும் பெருக்கினால் ஆர்ஓஇ 15. கடைசி வருடம் விற்பனை 1100, லாபம் 66, சொத்து 1100, பங்குதாரர் நிதி 330. இப்போது 6%, 1, 3.33, பெருக்கினால் 20. லாபம் உண்மையில் 75-லிருந்து 66-க்கு இறங்கியிருக்கிறது, ஆனால் கடன் வாங்கிப் பங்குகளைத் திரும்ப வாங்கியதில் கீழே வகுக்கும் எண் அதைவிட வேகமாகச் சுருங்கிவிட்டது. இதேபோல் மாட்டிய அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.

நேர்_கோடு:
7.5 ஆறாக இறங்கியிருக்கிறதே, அதுதான் முக்கியம். போட்டி அதிகமாகி விலையைக் குறைத்திருப்பார்கள். தொழிலே தேய்கிறது, கடனை வைத்து மூடுகிறார்கள். நானாக இருந்தால் அன்றே விற்றிருப்பேன்.

பேரேடு:
பாதி சரி. கடன் தூக்கிவிட்டது என்பது வரை ஒத்துக்கொள்கிறேன், தொழில் தேய்கிறது என்பதற்கு இந்த 6% சாட்சி ஆகாது, ஏனென்றால் நிகர லாபம் வட்டி கட்டிய பிறகு வருவது. கடன் ஏறினால் லீவரேஜ் மேலே போகும், அதே கடனின் வட்டி லாப விகிதத்தைக் கீழே இழுக்கும், மூன்று எண்களும் தனித்தனி என்று நினைத்தால் இங்கேதான் சறுக்கும். வட்டிக்கு முந்தைய லாபம் எவ்வளவு என்று பாருங்கள்.

தாமதமாக_வந்தவன்:
பார்த்தேன். முதல் வருடம் 140, வட்டி 40, மீதி 100-க்கு 25% வரி போக 75. கடைசி வருடம் 154, வட்டி 66, மீதி 88, வரி போக 66.

பேரேடு:
அப்படியானால் 1000-க்கு 140, 1100-க்கு 154, இரண்டுமே 14%. தொழிலின் லாபத்திறன் இருந்த இடத்திலேயே இருக்கிறது, தேயவும் இல்லை, கூடவும் இல்லை. ஏறினதும் இறங்கினதும் எல்லாம் கடனால்தான். இப்போது ஒரு மோசமான வருடத்தை யோசியுங்கள், அந்த 154 வெறும் 80 ஆகிறது. வட்டி 66 போக 14, வரி போக 10.5, 330-க்கு 3.2% தேறும். பழையபடி பாதிக்குப் பாதி கடனோடு இருந்திருந்தால் வட்டி 44, வரி போக 27, 550-க்கு 4.9%. சொத்து சம்பாதிக்கும் சதவீதம் கடனின் வட்டி சதவீதத்தைவிட அதிகமாக இருக்கும்வரைதான் கடன் தூக்கும், குறைந்தால் அதே வேகத்தில் அழுத்தும். நான் ஒரு நிறுவனத்தில் கணக்கு பார்த்தபோது நல்ல வருடத்தின் ஆர்ஓஇ-யை மட்டும் ஸ்லைடில் போட்டு போனஸ் வாங்கினார்கள். அடுத்த வருடம் அந்த ஸ்லைடையே காணவில்லை.

பழைய_மெஷின்:
எங்கள் தொழிற்சாலையில் கதை வேறு, லீவரேஜ் அசையவே இல்லை, சொத்துச் சுழற்சி மட்டும் 1.2-லிருந்து 1.6-க்குப் போனது. திறமை கூடிவிட்டது என்று மேலே பாராட்டு. உண்மை என்ன என்றால் நாலு வருடமாகப் புது மெஷின் எதுவும் வாங்கவில்லை, வருடா வருடம் தேய்மானம் கழித்துக் கழித்துச் சொத்து மதிப்பு புத்தகத்தில் சுருங்கிக்கொண்டே வந்தது, விற்பனை கிட்டத்தட்ட அதேதான். அப்புறம் ஒரு பிரஸ் நடுவில் நின்றுபோய் மூன்று வாரம் உற்பத்தியே இல்லை. அதிலிருந்து சுழற்சி ஏறினால் முதலில் விற்பனை கூடியதா, சொத்து குறைந்ததா என்றுதான் பார்ப்பேன்.

சேமிப்பு_அக்கா:
நான் வைத்திருக்கும் வங்கிப் பங்கில் லீவரேஜ் 12 வருகிறது, சுழற்சி 0.08. விற்றுவிடவா?

பேரேடு:
அக்கா, வங்கிக்கு மற்றவர் பணம்தான் சரக்கு, 12 என்பதை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். வங்கியில் சுழற்சிக்கும் பெரிய அர்த்தம் இல்லை. மொத்தச் சொத்தின் மீது எவ்வளவு சம்பாதிக்கிறது, வாராக்கடன் எவ்வளவு என்று பாருங்கள், விற்பதா வேண்டாமா என்று நான் சொல்ல மாட்டேன்.

நேர்_கோடு:
சரி, 14% விஷயத்தில் தோற்றேன். ஆனால் அந்த 20-ம் சந்தேகம்தான். வருடக் கடைசி நிதியால் வகுத்திருக்கிறார். வருட ஆரம்பத்தில் எவ்வளவு?

தாமதமாக_வந்தவன்:
450. சராசரி 390 போட்டால் 16.9 வருகிறது.

பேரேடு:
நான் சராசரிதான் போடுவேன், சொத்துக்கும் சேர்த்து, இல்லாவிட்டால் மூன்றையும் பெருக்கினால் ஒட்டாது. ஆனால் பங்குகளைத் திரும்ப வாங்கிய அந்த பைபேக் நடந்தது வருடத்தின் முதல் மாதத்திலா கடைசி மாதத்திலா என்பதைப் பொறுத்து அந்தச் சராசரியும் தப்பாகலாம்.

தாமதமாக_வந்தவன்:
அறிக்கையில் தேதி தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைத்ததும் போடுகிறேன். பங்கு இன்னும் கையில்தான் இருக்கிறது.