கலைச்சொல் வேண்டல்: தீர்ந்த சரக்கு மீண்டும் கிடைக்கும் நாளுக்கு ஒரு சொல்

அறிவிப்பு எழுதுபவர்:
அன்பர்களுக்கு வணக்கம். ஒரு ஸ்டாக்கிஸ்ட் கடைக்காரர்களுக்கு அனுப்பும் அரட்டைச் செய்திகளை நான் முறையான சரக்கு அறிவிப்புகளாக மாற்றி எழுதுகிறேன். 6ஆம் தேதி வெள்ளிக்கிழமை அவர் எழுதியது இது: "500 மில்லி தீந்துபோச்சு, திங்கக்கிழமை கம்பெனியிலேர்ந்து கெளம்புது, ரெண்டு மூணு நாள்ல வந்துடும். 250ம் இல்ல." சரக்கு மீண்டும் வரும் தேதியை எழுதும் கட்டத்துக்கு 'மீள்வரவு நாள்' என்று தலைப்பிடலாமா?

கிடங்குக் கணக்கர்:
சொல்லைத் தேர்வதற்கு முன் எந்த நாளைக் குறிக்கிறோம் என்று முடிவு செய்ய வேண்டும், ஐயா. லாரி புறப்படும் நாள் ஒன்று, கிடங்கில் இறங்கும் நாள் ஒன்று, எண்ணிச் சரிபார்த்துக் கணினியில் வரவு வைத்தபின் பில் போடக்கூடிய நாள் இன்னொன்று. கடைக்காரருக்குப் பயன்படுவது மூன்றாவது நாள் மட்டுமே. 9ஆம் தேதி புறப்பட்டு, 'ரெண்டு மூணு நாள்' என்பதில் பிந்தையதைக் கொண்டால் 12ஆம் தேதி வந்து இறங்கும். எங்கள் கிடங்கில் சரிபார்க்க ஒரு நாள் ஆகும் என்பதால் 13 என்று எழுதுவேன். 'திங்கக்கிழமை' என்பதை அப்படியே விட்டால், அடுத்த வாரம் அதைப் படிப்பவர் வேறொரு திங்களை எண்ணிக்கொள்வார்.

விற்பனைப் பிரதிநிதி:
தேதி தவறினால் நம்பிக்கை போய்விடும் என்பதால், 'விரைவில்' என்று எழுதுவதே பாதுகாப்பானது என்பது என் கருத்து.

கிடங்குக் கணக்கர்:
தேதி தவறும் என்ற அச்சம் நியாயமானதுதான். ஆனால் 'விரைவில்' என்பதை வைத்து ஒரு கடைக்காரர் காத்திருப்பதா, வேறிடத்தில் வாங்குவதா என்று முடிவெடுக்க முடியாது. 'எதிர்பார்ப்பு' என்று குறித்துத் தேதியை எழுதி, அது மாறினால் அந்த நாளுக்கு முன்பே திருத்த அறிவிப்பு அனுப்பலாம்.

கடைக்காரர்:
மீள்வரவு நாளில் காலாவதிச் சரக்கையும் உடைந்ததையும் எடுத்துக்கொள்வீர்களா? எங்களிடம் இரண்டு பெட்டிகள் திருப்பி அனுப்பக் காத்திருக்கின்றன.

அறிவிப்பு எழுதுபவர்:
இந்தக் கேள்வியே 'மீள்வரவு' பொருந்தாது என்பதைக் காட்டிவிட்டது. கடையில் அது திரும்பி வரும் சரக்கு என்றே புரிகிறது. 'இருப்பு மீளும் நாள்' என்று மாற்றுகிறேன். 250 மில்லி பற்றி ஸ்டாக்கிஸ்டிடமே கேட்டேன். அது தீர்ந்துபோகவில்லை, அந்த அளவில் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்களாம். திருத்திய வடிவம்:

"500 மி.லி.: இருப்பு இல்லை. இருப்பு மீளும் நாள்: 13, வெள்ளி (எதிர்பார்ப்பு). 250 மி.லி.: தயாரிப்பு நிறுத்தப்பட்டது; இனி வராது. அறிவிப்பு நாள்: 6, வெள்ளி."

மொழி ஆசிரியை:
பொருள் தெளிவாக உள்ளது. ஆயினும் பட்டியலின் குறுகிய கட்டத்துக்கு மூன்று சொற்கள் நீளம். 'செய்பொருள்' போல வினைத்தொகையாக 'நிரப்புநாள்' எனலாம்.

கிடங்குக் கணக்கர்:
அம்மா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் நிரப்புவது கிடங்கில் நடக்கும் வேலை. அதைப் படிக்கும் கடைக்காரர் மறுபடியும் லாரி இறங்கும் நாளையே எண்ணுவாரோ என்று தயங்குகிறேன்.