புதுப்பிப்பு: திருப்புதல் பட்டறைச் சுவரொட்டி

முன்பு கேட்டது: "பருவத்தின் 9 கணிதத் தலைப்புகளையும் அப்படியே சுவரொட்டியில் போட்டேன். யாரும் பெயர் தரவில்லை. வாசகத்தை எப்படி மாற்றுவது?"

பதில் தந்த எல்லோருக்கும் நன்றி. ஒருவர் வண்ணத்தை மாற்றச் சொன்னார். நான் கேட்டது அதையல்ல, பரவாயில்லை. அதிக மதிப்பெண் உள்ள பாடம் முதலில் வரட்டும் என்றார் இன்னொருவர். அது நேரம் ஒதுக்க உதவியது, வரிசைக்கு உதவவில்லை. காரணிப்படுத்தல் தெரியாதவர் இருபடிச் சமன்பாட்டில் உட்கார்ந்து என்ன செய்வார்? இதைச் சுட்டிக்காட்டிய ஆசிரியர்தான், தனியாகப் படிக்கக்கூடிய 3 தலைப்புகளை விட்டுவிடவும் சொன்னார். இப்போதைய வாசகம்:

எங்கே சிக்குகிறீர்களோ, அங்கே வாருங்கள்
சனி 9.30: காரணிப்படுத்தல், பிறகு இருபடிச் சமன்பாடு. x² − 5x + 6 = 0 வருகிறது, 2x² − 7x + 3 = 0 வரவில்லையா?
சனி 2.00: வடிவொத்த முக்கோணங்கள், பிறகு முக்கோணவியல்.
ஞாயிறு 9.30: புள்ளியியல், நிகழ்தகவு.
ஞாயிறு 2.00: கலப்பு வினாத்தாள், குழுவாகத் திருத்தம்.
கொண்டுவர: நீங்கள் தவறாகப் போட்ட 2 கணக்குகள்.

ஒட்டிய 3 நாளில் 14 பெயர்கள். அந்த இரண்டு சமன்பாடுகளைப் பார்த்துத்தான் பலர் நின்றார்கள். ஒருவர் சுவரோடு சுவராக நின்றே இரண்டாவதைப் போட்டுப் பார்த்தார். மற்ற அமர்வுகளுக்கும் இப்படி ஒரு கேள்வி வைத்திருக்கலாம்.

அப்புறம் ஒரு சிக்கல்: 5 பேர் ஞாயிறு மதியம் மட்டும் வருகிறார்களாம். வினாத்தாளில் பாதி சனிக்கிழமைப் பாடம். அவர்களைத் தனிக் குழுவாக்குவதா, கலந்துவிடுவதா, இன்னும் முடிவு செய்யவில்லை.