டிரான்ஸ்ஃபரால் பாதியில் வீட்டைக் காலி செய்கிறேன், அட்வான்ஸில் பிடிக்கலாமா?

மதுரை விளாங்குடியில் வாடகை வீடு. 11 மாத ஒப்பந்தத்தில் 6 மாதம் முடிந்திருக்கிறது. வாடகை 9,000, அட்வான்ஸ் 60,000. அடுத்த மாதம் கோவைக்கு டிரான்ஸ்ஃபர்.

ஒப்பந்தத்தில் 'யாராக இருந்தாலும் ஒரு மாதம் முன்கூட்டி எழுத்தில் சொல்ல வேண்டும்' என்று ஒரு வரி. கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்கு மேலேயே, '11 மாதத்துக்குள் காலி செய்தால் இரண்டு மாத வாடகை பிடிக்கப்படும்' என்று இன்னொரு வரி. அன்று நான் அதைப் படிக்கவில்லை, என் தப்புதான்.

30 நாள் அவகாசம் கொடுத்து, காலி செய்யும் தேதியைக் குறிப்பிட்டு, டிரான்ஸ்ஃபர் ஆர்டர் நகலோடு பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். ஒப்புகை அட்டையும் கையெழுத்தாகி வந்துவிட்டது. அதே வாடகைக்கு, நான் போன மறுநாளே குடிவர ஒரு குடும்பத்தையும் காட்டினேன். வீட்டுக்கார அண்ணாச்சி அவர்களிடம் பேசி, சம்மதமும் சொல்லிவிட்டார். அப்புறம் என்னிடம், "அது வேற கணக்கு தம்பி, 18,000 பிடிச்சுத்தான் தருவேன்" என்கிறார்.

தெரிந்த வக்கீல் ஒருவர், ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும் என்றார். இங்கே வீடு ஒரு நாள்கூடச் சும்மா கிடக்கப்போவதில்லை.

சாவியைக் கொடுக்கும் முன், இந்தப் பிடித்தத்தை மறுத்து இரண்டாவது கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?